துவாஸ் கரையில் மூன்று மீட்டர் மணல்: மண் அறிக்கையில் திரவமாதல் சுருக்கம் எழுதுவது எப்படி

புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் ஒரு மண் அறிக்கையின் வரைவை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். நூற்று நாற்பது பக்கம். அதில் மண் திரவமாதல் பற்றி இருந்தது ஒரே வரி: “சிங்கப்பூர் நிலநடுக்கம் குறைந்த பகுதி, எனவே திரவமாதல் அபாயம் இல்லை.” அந்த வரியை அடித்துவிட்டு அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். அன்று அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். மண் பொறியியல் துறைக்குப் புதிதாக வந்து, டிசைன் அணிக்கு முதல் முறையாக இந்தச் சுருக்கத்தை எழுதப்போகிறவர்களுக்கு இது உதவும்.

எடுத்துக்கொள்ளும் இடம் துவாஸ் பக்கம், கடலை நிரப்பி உண்டாக்கிய தொழிற்சாலை நிலம். கரையோரக் கல் அணைக்குப் பக்கத்தில் ஒரு பம்ப் ஹவுஸ் வருகிறது. தீயணைப்புக்குக் கடல்நீரை இழுத்துத் தரும் பம்ப்கள் அதில் இருக்கும். ஒற்றை மாடி, எட்டு மீட்டர் உயரம். சாதாரணக் கட்டடம்போலத் தெரியும். ஆனால் ஆலையில் தீப்பிடித்தால் இதுதான் கடைசித் துணை.

நீரில் ஊறிய தளர்ந்த மணலை நிலநடுக்கம் திரும்பத் திரும்ப உலுக்கும்போது மணல் துகள்கள் நெருங்கப் பார்க்கும். இடையில் உள்ள நீருக்கு வெளியேற நேரம் இருக்காது. அதனால் நீரழுத்தம் ஏறி, துகள்கள் ஒன்றையொன்று தாங்கும் பிடி போய்விடும். சற்று நேரத்துக்கு அந்த மண் கனத்த குழம்புபோல் நடந்துகொள்ளும். 1995இல் கோபே நிலநடுக்கத்தில், கடலை நிரப்பி உருவாக்கிய போர்ட் ஐலண்டில் நடந்தது இதுதான். கரைச்சுவர்கள் கடல் பக்கம் நகர்ந்தன.

முதல் வேலை: எந்த மண்ணைப் பற்றிப் பேசுகிறோம்?

நம் தளத்தில் மேலே ஒன்பது மீட்டர் நிரப்பு மணல். அதன் கீழே பன்னிரண்டு மீட்டர் கடல் களிமண். அதற்கும் கீழே ஜூரோங் பாறை அமைப்பு சிதைந்து உண்டான கெட்டி மண். களிமண் திரவமாகாது. அதன் களித்தன்மையைக் காட்டும் எண்ணான பிளாஸ்டிசிட்டி இன்டெக்ஸ் நாற்பதுக்கு மேல் இருக்கிறது. நாம் பார்க்க வேண்டியது மணலை மட்டும்தான், அதிலும் நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் மணலை.

இந்த நீர்மட்டத்தில்தான் முதல் சறுக்கல். நிலத்தடி நீரைப் பார்க்க இறக்கிய குழாயான ஸ்டாண்ட்பைப்பில் நம் ஆள் எடுத்த முதல் அளவு தரையிலிருந்து 4.2 மீட்டர் கீழே என்றது. எப்போது எடுத்தார் என்று நேரத்தைப் பார்த்தால், கடல் வற்றியிருந்த நேரம். சிங்கப்பூரில் பெரிய ஏற்றவற்றத்தின்போது கடல் மட்டம் சுமார் மூன்று மீட்டர் ஏறி இறங்கும். கல் அணைக்குப் பக்கத்தில் உள்ள மணலில் அந்த அசைவு உள்ளேயும் தெரியும். தானாகப் பதியும் கருவியைப் போட்டு இரண்டு வாரம் விட்டபோது உச்ச மட்டம் 3.0 மீட்டராக வந்தது. கணக்குக்கு அதையே எடுத்தோம். சுருக்கத்தில் நீர்மட்டத்தை எழுதும்போது, எத்தனை நாள் பார்த்தோம், ஏற்றம் வற்றம் அதில் அடங்குமா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

இரண்டாவது: அடி எண்ணிக்கையை நம்பலாமா?

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். சுருக்கத்தின் மொத்தப் பாரமும் ஒரே எண்ணின் மேல் நிற்கிறது: எஸ்.பி.டி. அடி எண்ணிக்கை, அதாவது என்-மதிப்பு. துளையின் அடியில் ஒரு குழாயை மண்ணுக்குள் இறக்கச் சுத்தியலால் எத்தனை அடி அடிக்க வேண்டியிருந்தது என்பதுதான் அது. எண் குறைந்தால் மண் தளர்ந்தது. அந்த எண் வெயிலில் சேற்றில் நிற்கும் துளையிடும் குழுவிடமிருந்து வருகிறது. அலுவலகத்தில் அதை எக்செல்லில் பார்ப்பவருக்கு அது எப்படிப் பிறந்தது என்று தெரியாது.

பம்ப் ஹவுஸ் அருகே போட்ட துளையில் ஆறு மீட்டர் ஆழத்தில் முதலில் வந்த என்-மதிப்பு 3. அதைப் பார்த்துச் சந்தேகப்பட்டுத் தளத்துக்குப் போனேன். துளையிடும் அண்ணன் புதுக்கோட்டைக்காரர், இந்த வேலையில் பதினைந்து வருடம்.

“அண்ணே, ஆறு மீட்டர்ல மூணுன்னு எழுதியிருக்கீங்களே?”

“ஆமா தம்பி. கேசிங்குக்குள்ள மணல் அரை மீட்டர் மேல ஏறிடுச்சு. கழுவிட்டு அடிச்சேன்.”

“உள்ள தண்ணி நிறைஞ்சு இருந்துச்சா?”

“எங்க இருந்துச்சு? டேங்க் காலி. லாரி வர்ற வரைக்கும் அப்படியேதான் கெடந்துச்சு.”

கோளாறு அங்கேதான். துளைக்குள் நீர்மட்டம் வெளியே உள்ள நிலத்தடி நீரைவிடத் தாழ்ந்தால், வெளி நீர் துளையின் அடி வழியாக மேலே பாயும். அடியில் உள்ள மணல் தளர்ந்து, துளை சரியாமல் தாங்கும் குழாயான கேசிங்குக்குள் பொங்கி வரும். அப்புறம் எத்தனை கவனமாக அடித்தாலும் நாம் அளப்பது நாமே கெடுத்த மணலைத்தான். இரண்டு மீட்டர் தள்ளி மறுபடி துளையிட்டோம். கேசிங்கை விளிம்பு வரை நீரால் நிரப்பி வைத்து, கருவியை மெதுவாக இழுத்து எடுத்தோம். இந்த முறை 7 வந்தது.

இதைக் கண்டுபிடிக்கத் தளத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்பதில்லை. துளைப் பதிவில் குறிப்புப் பகுதியைப் படியுங்கள். கழுவிய ஆழத்துக்கும் கருவி உட்கார்ந்த ஆழத்துக்கும் இடையே வித்தியாசம் இருந்தால் மணல் பொங்கியிருக்கிறது. பக்கத்தில் சி.பி.டி. என்ற கூம்புச் சோதனை இருந்தால் இன்னும் நல்லது. கூம்பை நேராக அழுத்தி இறக்குவதால் இந்தப் பொங்கல் பிரச்சினை அதில் கிடையாது. எங்கள் தளத்தில் எட்டு இடத்தில் சி.பி.டி. போட்டோம். உள்பக்கம் இருந்த ஐந்தில் கூம்பு முனை எதிர்ப்பு 12 மெகாபாஸ்கலுக்கு மேல். கல் அணையை ஒட்டிய மூன்றில் மட்டும் 4.5 மீட்டரிலிருந்து 7.5 மீட்டர் வரை அது 3 முதல் 4 மெகாபாஸ்கலாக இறங்கியது. என்-மதிப்பு 7 என்பதோடு இது பொருந்துகிறது, 3 என்பதோடு பொருந்தவில்லை.

ஏன் கரையை ஒட்டி மட்டும் தளர்வு? பழைய நிரப்பு வேலையின் வரைபடத்தைத் தேடி எடுத்துப் பார்த்ததில் விடை கிடைத்தது. மணலை அதிர்த்து இறுக்கும் இயந்திரம் கல் அணைக்கு மிக அருகே போகவில்லை. சுமார் 25 மீட்டர் அகலப் பட்டை இறுக்கப்படாமல் நின்றுவிட்டது. நம் பம்ப் ஹவுஸ் அந்தப் பட்டையின் நடுவில்.

ஒரு சிறு எச்சரிக்கை. நுண்துகள் அளவு தெரிய வேண்டுமானால் எஸ்.பி.டி. குழாயில் வந்த மாதிரியைச் சல்லடை போடுங்கள். துளையிலிருந்து திரும்பி வரும் நீரில் கிடைக்கும் மணலை எடுக்காதீர்கள். நுண்துகள் எல்லாம் நீரோடு போய்விட்டிருக்கும். எங்கள் மாதிரியில் 5 சதவீதத்துக்கும் குறைவு. தூய மணல்தான்.

மூன்றாவது: அரை வாக்கியத்தோடு நிற்காதீர்கள்

திரவமாதலுக்கு நாம் பார்க்கும் விதி, நிலநடுக்க வடிவமைப்புக்கான ஐரோப்பிய விதித்தொகுப்பான யூரோகோட் 8இன் ஐந்தாம் பகுதியில் இருக்கிறது. சிங்கப்பூர் பதிப்பு எஸ்.எஸ். இ.என். 1998-5. அதில் “இந்த நிலையில் திரவமாதலைப் பொருட்படுத்தாமல் விடலாம்” என்று ஒரு பிரிவு உண்டு. அதன் முதல் நிபந்தனை, தரை முடுக்கத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் வகுத்து, மேல் மண் நடுக்கத்தை எவ்வளவு பெருக்கும் என்று காட்டும் மண் காரணியால் பெருக்கிய மதிப்பு 0.15க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது. சிங்கப்பூரில் நாம் வழக்கமாக எடுக்கும் மதிப்புகளுக்கு இது எப்போதும் 0.15க்கு வெகு கீழேதான் வரும். பலர் அந்த வரியைப் படித்ததும் பேனாவை மூடிவிடுகிறார்கள்.

வாக்கியம் அங்கே முடியவில்லை. கூடவே இன்னும் மூன்றில் ஒன்றாவது பொருந்த வேண்டும்: மணலில் களிமண் 20 சதவீதத்துக்கு மேல் இருந்து பிளாஸ்டிசிட்டி இன்டெக்ஸ் 10ஐத் தாண்ட வேண்டும், அல்லது வண்டல் 35 சதவீதத்துக்கு மேல் இருந்து, திருத்திய என்-மதிப்பு 20ஐத் தாண்ட வேண்டும், அல்லது தூய மணலாக இருந்து, திருத்திய என்-மதிப்பு 25ஐத் தாண்ட வேண்டும். நம்முடையது தூய மணல். ஆறு மீட்டரில் உள்ள அழுத்தத்துக்கும் சுத்தியலின் ஆற்றலுக்கும் திருத்துவோம். சுத்தியல் சான்றிதழில் ஆற்றல் 66 சதவீதம். கீழே σv மொத்த அழுத்தம், u நீரழுத்தம், σ'v நீரழுத்தம் கழித்த மிச்சம், N1(60) திருத்திய என்-மதிப்பு.

```
σv  = 3×18 + 3×19 = 111 kPa
u   = 3×10 = 30 kPa
σ'v = 81 kPa
N1(60) = 7 × (66/60) × √(100/81) = 8.6
```

25 எங்கே, 8.6 எங்கே! கணக்கைப் போட்டே ஆக வேண்டும். உள்பக்கம் இறுக்கிய மணலில் இதே திருத்தம் 25ஐத் தாண்டியது. அந்தப் பகுதியை இந்தப் பிரிவைக் காட்டியே விட்டுவிட்டோம்.

நான்காவது: உலுக்கல் எவ்வளவு, தாங்கும் திறன் எவ்வளவு?

இங்கே மூன்று தேர்வுகள் வரும். ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் சின்ன விஷயம்போல் தெரியும். சேர்ந்து வந்தால் முடிவே தலைகீழாகும்.

முதல் தேர்வு, யூரோகோட் பிரிக்கும் தரை வகை. மேலே உள்ள மணலை மட்டும் பார்த்து டி வகை என்று போடத் தோன்றும். ஆனால் கீழே பன்னிரண்டு மீட்டர் மென்களிமண் இருக்கிறது. பத்து மீட்டருக்குக் குறையாத மென்களிமண், பிளாஸ்டிசிட்டி இன்டெக்ஸ் நாற்பதுக்கு மேல், நீர் அளவும் அதிகம் என்றால் அது எஸ்1 வகை. யூரோகோடுக்குச் சிங்கப்பூர் சேர்த்த தேசிய இணைப்பில் டி வகைக்கு மண் காரணி 2.5, எஸ்1 வகைக்கு 3.2.

இரண்டாவது, முக்கியத்துவக் காரணி. நிலநடுக்கத்துக்குப் பிறகும் இயங்க வேண்டிய தீயணைப்பு பம்ப் என்பதால் கட்டமைப்பு அணி 1.4 எடுத்தது. இதை நாமாக முடிவு செய்யக் கூடாது, கேட்டு எழுதி வாங்க வேண்டும். உள்ளூர்க் கட்டட வழிகாட்டியான பி.சி.3, இருபது மீட்டருக்கு மேல் உயர்ந்த கட்டடங்களுக்குத்தான் நிலநடுக்க வடிவமைப்பைக் கேட்கிறது. எட்டு மீட்டர் பம்ப் ஹவுஸுக்கு அது கட்டாயம் இல்லை. எங்கள் வேலையில் ஆலை உரிமையாளரின் தேவைப் பட்டியல்தான் அதைக் கேட்டது. இந்த வேறுபாட்டை அறிக்கையில் சொல்லிவிடுவது நல்லது. பிறகு யாராவது “சட்டம் கேட்கவில்லையே, ஏன் செலவு?” என்று கேட்பார்கள்.

```
α·S = (0.175 × 1.4 / 9.81) × 3.2 = 0.080
CSR = 0.65 × 0.080 × 111 / 81 = 0.071
```

0.175 என்பது தேசிய இணைப்பில் உள்ள அடிப்படைத் தரை முடுக்கம், மீ/வி² அளவில். இரண்டாவது வரியில் வரும் CSR, மணலின் மேல் விழும் உலுக்கல் விகிதம்.

மூன்றாவது தேர்வுதான் சிங்கப்பூருக்கே உரியது. நமக்கு நடுக்கம் தருவது சுமத்ரா. சுமத்ரா நிலப்பிளவு சுமார் 400 கி.மீ. தொலைவில், அதற்கும் அப்பால், 600 கி.மீட்டரைத் தாண்டி, கடலடித் தட்டு உட்புகும் பகுதி. இங்கே வந்து சேரும் முடுக்கம் குறைவு. ஆனால் அங்கே நிகழக்கூடிய நிலநடுக்கம் பெரியது, நீண்ட நேரம் நீடிப்பது. 2007 செப்டம்பரில் பெங்குலுவில் 8.4 அளவில் வந்தபோது இங்கே உயர்மாடிகளில் இருந்தவர்கள் அதை உணர்ந்தார்கள். மணலுக்கு இது முக்கியம். ஒரு கம்பியை ஒரே வளைப்பில் உடைக்க முடியாவிட்டாலும் மெதுவாகப் பலமுறை வளைத்தால் உடைகிறது அல்லவா, அதைப்போல, உலுக்கல் மெதுவானாலும் எண்ணிக்கை கூடினால் நீரழுத்தம் ஏறிக்கொண்டே போகும்.

தாங்கும் திறனைத் தரும் வழக்கமான வளைகோடு 7.5 அளவு நிலநடுக்கத்துக்கு வரைந்தது. அதில் திருத்திய என்-மதிப்பு 8.6க்குத் தூய மணலின் திறன் 0.10 வருகிறது. பெரிய நிலநடுக்கத்துக்கு அதைக் குறைக்க வேண்டும். யூரோகோட் அட்டவணை 8.0 அளவோடு நிற்கிறது. அங்கே காரணி 0.67. பலரும் இப்போது பயன்படுத்தும் வேறொரு சூத்திரம் 9 அளவுக்கு ஏறக்குறைய இதே 0.67ஐத் தருகிறது. எனவே 0.67 எடுத்தோம். கீழே CRR என்பது தாங்கும் திறன். அதை உலுக்கல் விகிதத்தால் வகுத்தால் வருவது பாதுகாப்புக் காரணி FS.

```
CRR = 0.10 × 0.67 = 0.067
FS  = 0.067 / 0.071 = 0.94
```

யூரோகோட் எதிர்பார்ப்பது 1.25. இது ஒன்றுக்கும் கீழே.

இப்போது பின்னோக்கிப் பாருங்கள். டி வகை, காரணி 1.0, அளவு 7.5 என்று தொடங்கியிருந்தால் பாதுகாப்புக் காரணி 2.5 வந்திருக்கும். எஸ்1 ஆக்கினால் 2.0. முக்கியத்துவம் சேர்த்தால் 1.4, இன்னும் தேறுகிறது. அளவுக் குறைப்பைச் சேர்த்ததும் 0.94. தம்பி எழுதிய ஒற்றை வரி இந்த ஏணியின் உச்சிப்படியில் நின்றுகொண்டு எழுதியது. இந்த நான்கு எண்களையும் சுருக்கத்தில் அப்படியே அடுக்கிக் கொடுப்பதுதான் என் பழக்கம். 0.94 என்று மட்டும் கொடுத்தால் டிசைன் அணி அதை இயற்கை விதிபோல் எடுத்துக்கொள்ளும். ஏணியைக் கொடுத்தால் எந்த முடிவு யாருடையது என்று தெரியும்.

ஒரு வரம்பையும் சொல்ல வேண்டும். இந்த வளைகோடுகள் நிலநடுக்கம் நடந்த இடங்களில் சேகரித்த அனுபவத்திலிருந்து வந்தவை. இவ்வளவு குறைந்த முடுக்கம், இவ்வளவு பெரிய அளவு, இவ்வளவு தொலைவு என்ற கூட்டு அவற்றில் குறைவு. ஆக 0.94 என்றால் “மணல் கட்டாயம் திரவமாகும்” என்று பொருள் இல்லை. “இந்த எளிய சோதனையில் தேறவில்லை, விட்டுவிட முடியாது” என்றுதான் பொருள். முதற்கட்டச் சல்லடைக்கு அது போதும்.

ஐந்தாவது: எழுதுவது

டிசைன் அணிக்கு நம் சூத்திரங்கள் வேண்டாம். எந்த மட்டத்திலிருந்து எந்த மட்டம் வரை, எந்த இடத்தில், அங்கே எதை நம்பக் கூடாது என்பதுதான் வேண்டும். அறிக்கை ஆங்கிலத்தில்தான் போகும். உள்ளடக்கம் தெரிவதற்காக எங்கள் பத்தியின் சாரத்தைத் தமிழில் தருகிறேன்:

“கல் அணையிலிருந்து 25 மீட்டருக்குள், தரையிலிருந்து 4.5 மீட்டர் முதல் 7.5 மீட்டர் வரை உள்ள தளர்ந்த மணல் முதற்கட்டச் சோதனையில் தேறவில்லை (குறைந்த காரணி 0.94, தேவை 1.25). 25 மீட்டருக்கு அப்பால் உள்ள இறுக்கிய மணலில் திரவமாதலைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. கடல் களிமண் திரவமாகாது. அதன் அமிழ்வு தனியாக 7ஆம் பிரிவில். நிலநடுக்க நிலையில் பைல் வடிவமைப்பில் இந்த மூன்று மீட்டரின் பக்க உராய்வைக் கணக்கில் எடுக்க வேண்டாம். பக்கவாட்டுப் பிடிப்பைக் குறைக்கவும். நடுக்கத்துக்குப் பின் மணல் படியும் அளவு மேல்வரம்பாக 60 முதல் 90 மி.மீ. கரை நோக்கிய நகர்வு தனியாக ஆராயப்பட வேண்டும். முக்கியத்துவக் காரணி அல்லது தரை மட்டம் மாறினால் இந்தப் பத்தி செல்லாது. மறுபடி கணக்கிட வேண்டும்.”

அந்த 60 முதல் 90 மி.மீ. எப்படி வந்தது என்றால், மூன்று மீட்டர் மணல் 2 முதல் 3 சதவீதம் சுருங்கும் என்று எடுத்தது. தோராயம்தான், ஆனால் தேவையான தோராயம். கரை நோக்கிய நகர்வை நாங்கள் எண்ணாகக் கொடுக்கவில்லை. கல் அணையின் குறுக்கு வெட்டு சரியாகத் தெரியாமல் அதற்கு ஓர் எண் கொடுப்பது ஜோசியம்.

பத்தியோடு ஒரு தள வரைபடமும் போக வேண்டும். அதில் அந்த 25 மீட்டர் பட்டையைக் கோடுபோட்டுக் காட்டுங்கள். சி.பி.டி. போட்ட எட்டுப் புள்ளிகளையும் குறியுங்கள். எங்கே பார்த்தோம், எங்கே பார்க்கவில்லை என்பது தெரிய வேண்டும். எங்கள் வரைபடத்தில் பட்டையின் வடக்கு முனையில் நாற்பது மீட்டர் நீளத்துக்கு எந்தப் புள்ளியும் இல்லை. அங்கே பட்டையை இடைவிட்ட கோடுகளால் காட்டி, தேறவில்லை என்று கருதிக்கொள்ளவும் என எழுதினோம்.

அறிக்கை போன பிறகு முதலில் வந்த கேள்வி, பம்ப் ஹவுஸை முப்பது மீட்டர் உள்ளே தள்ள முடியுமா என்பது. கடல்நீர் இழுக்கும் வாய் கரையில்தான் இருக்க வேண்டும் என்பதால் முடியவில்லை. கட்டமைப்பு அணி கெட்டி மண் வரை பைல் இறக்க முடிவு செய்தது. அதோடு எல்லோரும் ஃபைலை மூடினார்கள்.

அடுத்த வாரம் வேறொரு விஷயமாகப் பைப்பிங் பொறியாளர் அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தேன். அவருக்கு அந்தப் பத்தியே போகவில்லை என்று தெரிந்தது. அறிக்கை அனுப்பிய பட்டியலில் அவர் பெயர் இல்லை. பம்ப் ஹவுஸ் பைலில் நிற்கும், அசையாது. அதிலிருந்து ஆலைக்குப் போகும் தீயணைப்புக் குழாய் அந்தப் பட்டையின் மணலில் புதைந்து போகிறது. மணல் 90 மி.மீ. படிந்தால், சுவரைத் தாண்டும் இடத்தில் குழாய் ஒடியும். அவர் வரைபடத்தைத் திறந்து, சுவருக்கு வெளியே இரண்டு நெகிழ் இணைப்புகளைச் சேர்த்தார். நான் திரும்பி வந்து சுருக்கத்தில் ஒரு வரி சேர்த்துத் திருத்தப் பதிப்பு அனுப்பினேன்: “இந்தப் பட்டையைக் கடக்கும் புதைகுழாய்களுக்கும் மேற்சொன்ன படிவு பொருந்தும்.”